ஒஹாயோவில் காலை எட்டு மணி

நான் எழுதிக்கொண்டிருக்கும் சிறுகதையின் நாயகிக்குச் சுமதி என்று பெயர் வைத்திருக்கிறேன். வீடு கிழக்குத் தாம்பரத்தில், வேலை பெருங்குடியில். வயது முப்பத்திரண்டு. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து மருத்துவமனை ஒன்றுக்கு, காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து வராமல் நிற்கும் பணத்தைக் கேட்டுப் பெற்றுத்தருவது அவள் வேலை. சென்னையில் இந்த வேலைக்கு ஏ.ஆர். காலிங் என்று பெயர். பட்டப்படிப்பு முடித்த கையோடு இதில் சேர்ந்த பையன்களையும் பெண்களையும் நகரத்தின் எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

இரவுப் பணியைப் பற்றி வரும் கதைகள் பெரும்பாலும் இருட்டைப் பிடித்துக்கொள்கின்றன. ஆளில்லாத சாலை, தெருநாய், தூங்காத கண்கள். சுமதி வேலை செய்யும் தளத்தில் இருட்டே கிடையாது. நள்ளிரவிலும் குழல்விளக்குகள் எரியும், ஏ.சி. குளிரும், நூறு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே நடப்பது ஒஹாயோவின் பகல். அவள் கதையை எழுத இருட்டைவிடக் கடிகாரத்தைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அந்தக் கடிகாரத்தைச் சரியாகப் போட்டுவிட்டால் கதையும் அதற்குள்ளேயே கிடைத்துவிடுகிறது.

முதலில் அவள் ஏன் ஒஹாயோவின் பகலில் விழித்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் ஒரு பகுதியை எந்த நேரத்திலும் செய்யலாம். மருத்துவரின் குறிப்பைப் பார்த்து நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடுகிறவர்களும் வந்த பணத்தைக் கணக்கில் ஏற்றுகிறவர்களும் நம் பகலிலேயே உட்கார்ந்து முடித்துவிடுகிறார்கள். ஆனால் பணம் தர மறுத்த காப்பீட்டு நிறுவனத்தோடு பேச வேண்டும் என்றால், அங்கே ஒருவர் தொலைபேசியை எடுக்க வேண்டும். மருத்துவமனைகளுக்கென்று அந்த நிறுவனங்கள் வைத்திருக்கும் இணைப்புகள் பெரும்பாலும் அவரவர் ஊர் நேரப்படி காலை எட்டுக்குத் திறந்து மாலையில் மூடிவிடும். சுமதி பேச வேண்டிய நிறுவனம் மாலை ஐந்துக்கு மூடுகிறது. அந்த ஒன்பது மணி நேரம்தான் அவளுடைய ஷிப்ட்.

இனி கணக்கு. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை ஒஹாயோ நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே காலை எட்டு என்றால் இங்கே மாலை ஆறரை. அங்கே மாலை ஐந்து என்றால் இங்கே விடியற்காலை மூன்றரை. மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவின் பெரும்பகுதி தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறது. மாலை வெளிச்சம் கூடுதல் நேரம் கிடைக்கட்டும் என்பதற்காக அவர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. நவம்பர் முதல் ஞாயிறு அன்று பழையபடி பின்னே இழுத்துக்கொள்வார்கள். இந்தியா கடிகாரத்தைத் தொடுவதில்லை. ஆகவே மார்ச்சிலிருந்து இடைவெளி ஒன்பதரை மணி நேரமாகிவிடும். ஒஹாயோவில் அதே எட்டு மணிக்குத்தான் அலுவலகம் திறக்கும், ஆனால் சுமதிக்கு அது ஐந்தரை. ஜூலை மாதத்துக் கதையில் நாயகி ஆறரைக்கு லாக்-இன் செய்து முதல் ஆளாக ஒஹாயோவை அழைத்தாள் என்று எழுதினால், இந்த வேலை பார்க்கும் வாசகர் அந்த இடத்திலேயே கதையை நம்புவதை விட்டுவிடுவார்.

கதை நடப்பது 2025 மார்ச்சில். மார்ச் 9 ஞாயிறு. வெள்ளிக்கிழமை இரவு, டீம் லீடர் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்புகிறார்: திங்கள் முதல் லாக்-இன் ஐந்தரை. ஆண்டுக்கு இரண்டு முறை வருகிற மின்னஞ்சல்தான். பக்கத்து இருக்கைக்காரர், ஒரு மணி நேரம் முன்னாலேயே வீட்டுக்குப் போகலாம் என்று சந்தோஷப்படுகிறார். சுமதி மனத்துக்குள் வேறொரு கணக்கைப் போடுகிறாள்.

தாம்பரத்திலிருந்து பெருங்குடி இருபது கிலோமீட்டர் சொச்சம். அலுவலக கேப் தூரத்தில் இருப்பவரை முதலில் ஏற்றிக்கொண்டு வழியில் மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு வரும். தாம்பரத்தில் சுமதி, பிறகு ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒருவர், சந்தோஷபுரத்தில் ஒருவர், கடைசியாக மேடவாக்கத்தில் ஒருவர். ஒவ்வொருவரும் இறங்கி வர இரண்டு மூன்று நிமிடம், பள்ளிக்கரணை நெரிசல், அலுவலக வாசலில் சோதனை. இதையெல்லாம் கூட்டினால் லாக்-இன் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே அவள் வீட்டு வாசலில் கேப் வந்து நிற்க வேண்டும். குளிர்கால மாதங்களில் அது மாலை ஐந்து மணி. மகளின் பள்ளி வேன் தெருமுனைக்கு வருவது நாலே கால். ஷூ கழற்றி, பால் குடித்து, வகுப்பில் யார் யாரை அடித்தார்கள் என்று சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் இருந்தது. மார்ச் 10 முதல் கேப் நாலு மணிக்கு வரும். வேன் அதே நாலே காலுக்கு.

அந்தக் கால் மணி நேரம்தான் என் கதை. ஒரு நாட்டில் வெளிச்சத்துக்காக நகர்த்திய கடிகாரம், இன்னொரு நாட்டில் ஒரு தாயும் மகளும் பார்த்துக்கொள்ளும் நேரத்தை எடுத்துவிட்டது. இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 2006 வரை அமெரிக்கா ஏப்ரல் முதல் ஞாயிறு அன்றுதான் கடிகாரத்தை முன்னே தள்ளியது, அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று திருப்பிவைத்தது. எரிசக்தியைச் சேமிப்பதாகச் சொல்லி 2005இல் இயற்றிய ஒரு சட்டம் 2007 முதல் இரண்டு முனையிலும் நாட்களை நீட்டியது. அந்தச் சட்டம் இல்லையென்றால் சுமதிக்கு மார்ச் முழுவதும் அந்த முக்கால் மணி நேரம் மிஞ்சியிருக்கும். இன்னொன்றும் உண்டு. அரிசோனா மாநிலத்தில் நவாஹோ மக்களின் நிலப்பகுதி தவிர வேறெங்கும் கடிகாரத்தைத் தொடுவதில்லை. இரண்டு மேசை தள்ளி அரிசோனா மருத்துவமனைக்காக அழைக்கும் பெண்ணுக்கு ஆண்டு முழுவதும் ஒரே நேரம்தான். பெருங்குடியில் ஒரே தளத்தில், ஒரே சம்பளத்தில் இருக்கும் இருவரில் ஒருத்திக்கு மட்டும் மார்ச் மாதம் வாழ்க்கை மாறுகிறது. காரணம், அவளுக்கு எந்த மாநிலத்துக் கோப்புகளைப் பிரித்துக் கொடுத்தார்கள் என்பது மட்டுமே.

ஞாயிறு சாயங்காலம் மகளிடம் அவள் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

“நாளையிலேர்ந்து நீ வரும்போது அம்மா கிளம்பியிருப்பேன்டா. பாட்டி வந்து கூட்டிட்டு வருவாங்க.”

“ஏம்மா?”

“அமெரிக்காவுல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி வச்சுட்டாங்க.”

“அப்ப நம்ம வீட்டுதையும் வைம்மா.”

இதற்குப் பிறகு, குழந்தை நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பினாள் என்று எழுதிக் கதையை முடித்துவிடும் ஆசை எனக்கும் வந்தது. அந்த வரியை எழுதி அடித்துவிட்டேன். பள்ளி வேன் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை என்பது ஆறு வயதுக் குழந்தைக்கும் இரண்டாம் நாளே புரிந்துவிடும். வாசகரின் கண்ணைக் கலங்க வைப்பதற்காக அந்தக் குழந்தையை ஒன்றும் தெரியாதவளாகக் காட்ட எனக்கு மனமில்லை.

அதைவிட, திங்கள்கிழமை இரவு அவள் செய்யும் வேலையை எழுதவே எனக்கு ஆசை. ஒரு நோயாளிக்கு முழங்காலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். மருத்துவமனை பில் அனுப்பியது. காப்பீட்டு நிறுவனம் பணம் தரவில்லை. திரையில் CO-197 என்று நிற்கிறது. ஸ்கேன் எடுக்கும் முன் வாங்க வேண்டிய முன் அனுமதி இல்லை என்று இதற்குப் பொருள். முன் அனுமதி உண்மையிலேயே வாங்காமல் விட்டிருந்தால் அந்தப் பணம் பெரும்பாலும் போனதுதான். ஆனால் அனுபவமுள்ளவர்கள் அதை அப்படியே நம்பிவிட மாட்டார்கள். அனுமதியை மருத்துவர் தன் பெயரில் வாங்கியிருப்பார், பில் மருத்துவமனையின் பெயரில் போயிருக்கும். இரண்டுக்கும் அடையாள எண் வேறு. கணினி இந்த எண்ணில் தேடி, இல்லை என்று சொல்லிவிடும்.

சுமதி அழைக்கிறாள். முதலில் பேசுவது பதிவுசெய்த குரல். மருத்துவமனையின் 10 இலக்க எண்ணைக் கேட்கிறது, வரி எண்ணைக் கேட்கிறது, நோயாளியின் உறுப்பினர் எண், பிறந்த தேதி, ஸ்கேன் எடுத்த தேதி. தேதியை மாதம் முதலில், நாள் பிறகு என்ற வரிசையில் தட்ட வேண்டும். மார்ச் 9ஐ 03/09 என்று போடாமல் நம் வழக்கப்படி 09/03 என்று போட்டால் அது செப்டம்பர் 3 ஆகிவிடும், அப்படி ஒரு பில்லே இல்லை என்று குரல் சொல்லும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் மாதத்தில் இங்கேதான் தடுமாறுவார்கள். பிறகு காத்திருப்பு இசை. அரை மணி நேரம் ஆனாலும் இணைப்பை விடக்கூடாது, விட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் அடுத்த கோப்பைத் திறந்து படித்துவைத்துக்கொள்வார்கள். கைப்பேசி பார்க்க முடியாது. நோயாளிகளின் விவரங்களைக் காக்கும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அமெரிக்காவில் இருப்பதால், பல அலுவலகங்களில் கைப்பேசியை வாசல் லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சில இடங்களில் பேனாவும் காகிதமும்கூடக் கூடாது. மகளுக்குக் காய்ச்சல் என்று கணவன் ஏழு மணிக்கு அனுப்பிய செய்தியை அவள் சாப்பாட்டு இடைவேளையில்தான் பார்ப்பாள்.

இரவு ஒன்பது மணி. ஒஹாயோவில் முற்பகல் பதினொன்றரை. இசை நின்று ஒரு குரல் குட் மார்னிங் சொல்கிறது. சுமதியும் குட் மார்னிங் சொல்கிறாள். இரண்டு மூன்று வாக்கியங்களுக்குள் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, எதிர்முனையில் இருக்கும் பெண் பேசுவது மணிலாவிலிருந்து. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலையைப் பிலிப்பைன்ஸுக்குக் கொடுத்திருக்கின்றன. சில ஆண்டுகள் இந்த வேலை பார்த்தவர்களின் காதுக்கு அந்த உச்சரிப்பு நன்றாகப் பிடிபடும். மணிலாவில் அப்போது இரவு பதினொன்றரை. ஆக, ஒஹாயோக்காரர் ஒருவரின் முழங்கால் ஸ்கேனுக்கான பணத்தைப் பற்றி, ஒஹாயோவில் இல்லாத இரண்டு பெண்கள், இரண்டு ஆசிய நகரங்களின் இரவில் உட்கார்ந்துகொண்டு ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் மார்ச் 10இலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகத்தான் வேலை. பிலிப்பைன்ஸிலும் கடிகாரத்தைத் தொடுவதில்லை.

இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. பேச்சு முழுவதும் பதிவாகிறது, தரம் பார்ப்பவர்கள் கேட்பார்கள். கோப்பைத் தேடும் நேரத்தில் மட்டும் அந்தப் பெண் வழக்கமான கேள்வியைக் கேட்கிறாள், இன்று எப்படிப் போகிறது என்று. சுமதி நன்றாகப் போகிறது என்கிறாள். கூடவே இன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் வர வேண்டியிருந்தது என்றும் சொல்லிவிடுகிறாள். எதிர்முனையில் ஒரு நொடி தட்டச்சு நிற்கிறது. எனக்கும் அப்படித்தான் என்ற பதில் வருகிறது. கதையில் இந்த இரண்டு பேரும் தொட்டுக்கொள்ளும் இடம் அவ்வளவுதான், அதற்கு மேல் நீட்ட மாட்டேன்.

அடுத்து சுமதி கேட்க வேண்டியதைக் கேட்கிறாள். மருத்துவமனையின் எண்ணை விட்டுவிட்டு, நோயாளியின் பெயரில் அந்த மாதம் எந்த அனுமதியாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறாள். இருக்கிறது. மருத்துவரின் எண்ணில், அதே ஸ்கேனுக்கு, சரியான தேதியில். பில்லை மறுபடி பரிசீலனைக்கு அனுப்பச் சொல்லி, அனுமதி எண்ணையும் பேச்சுக்கான குறிப்பு எண்ணையும் வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் கணினியில் குறிப்பாக எழுதிவைக்கிறாள். குறிப்பு எண் இல்லாத குறிப்பு எழுதாததற்குச் சமம். ஒரு மாதம் கழித்துப் பணம் வரவில்லையென்றால் இன்னொருவர் அழைப்பார், அந்த எண் இல்லாமல் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இந்த ஓர் அழைப்புக்கு ஐம்பது நிமிடம். அன்றைய டார்கெட்டில் அது ஒன்று என்றுதான் கணக்கு.

உடம்பைப் பற்றி எழுதாமல் இந்தக் கதை முழுமையாகாது. ஐந்து வருடம் ஒஹாயோ பகலில் வேலை செய்தும் சுமதியின் உடம்பு ஏன் ஒஹாயோவுக்குப் பழகவில்லை? மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் கடக்கும் இடத்துக்கு மேலே, உடம்பின் நேரத்தைக் காக்கும் சிறு பகுதி ஒன்று இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு, குறிப்பாகக் காலை வெளிச்சத்தைக் கொண்டு, அது தன்னைத் தினமும் சரிசெய்துகொள்கிறது. அலுவலக விளக்கு எத்தனை பளிச்சென்று இருந்தாலும் சென்னை வெயிலோடு போட்டி போட முடியாது. குழந்தையை வேனில் ஏற்ற ஏழரை மணிக்கு அவள் வெளியே வந்து நிற்கும் ஐந்து நிமிடமும் அந்தக் கடிகாரத்தை மறுபடியும் தாம்பரத்தை நோக்கி இழுக்கும். சனி, ஞாயிறு வீட்டாரோடு பகலில் விழித்து இரவில் தூங்கினால் திங்களன்று எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். அதனால்தான் விடியற்காலை மூன்று, நாலு மணிவாக்கில், உடம்பின் வெப்பம் மிகவும் குறையும் நேரத்தில், திரையில் உள்ள எண்களை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. தவறான எண்ணைத் தட்டுவதும் ஏற்கெனவே கேட்டதை மறுபடி கேட்பதும் அப்போதுதான் அதிகம்.

இங்கேதான் என் கதை எனக்கே சிக்கலானது. குளிர்கால நேரத்தில் மூன்றரைக்கு வேலை முடிந்து, கேப் சுற்றிக்கொண்டு வீடு சேர ஐந்தாகிவிடும். படுத்துக் கண்ணயர்வதற்குள் பால்காரர், குக்கர் விசில், விடியல். ஏழு மணிக்கு எழுந்து குழந்தையை அனுப்பிவிட்டு மறுபடி எட்டரைக்குப் படுத்து ஒரு மணிவரை தூங்கும் துண்டுத் தூக்கம். மார்ச்சுக்குப் பிறகு இரண்டரைக்கே வேலை முடிகிறது. நாலு மணிக்குள் படுத்துவிடலாம். வெளிச்சம் வருவதற்கு முன்பே தூங்கிவிட்டால் தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் கிடைக்கிறது, அதுதான் நல்ல தூக்கம். மூன்றரை மணிக் கண்ணெரிச்சலில் திரையைப் பார்க்கவும் வேண்டாம். அப்படியானால் அமெரிக்கக் கடிகாரம் அவள் உடம்புக்கு ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது, மகளிடமிருந்து முக்கால் மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது. ஆறு வாரத்தில் முகம் தெளிந்திருக்கிறது என்று மாமியார் சொல்வார். அது உண்மை. அதைக் கேட்டு அவளுக்கு ஏற்படும் குற்றவுணர்ச்சியும் உண்மை. அவளுக்கு அநியாயம் நடக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தால் பாதிக் கதையைத்தான் எழுதியிருப்பேன்.

விடுமுறைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவளுடைய வாரம் திங்கள் மாலை தொடங்கிச் சனி விடியலில் முடிகிறது. 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கள்கிழமை. ஒஹாயோவில் அது சாதாரண வேலை நாள். நவம்பர் நான்காவது வியாழன் அங்கே நன்றி சொல்லும் பண்டிகை, அன்று இரவு தாம்பரத்தில் காரணமே இல்லாமல் அவள் வீட்டில் இருப்பாள்.

நாலு மணி கேப்புக்கு வருகிறேன், ஏனென்றால் அவளும் அதை விடவில்லை. டிரான்ஸ்போர்ட் மேசையில் கேட்கிறாள்: “என்னைக் கடைசி பிக்-அப்பா போட முடியுமாண்ணா?” தாம்பரம்தான் இந்த வழியில் தூரம், கடைசியாக ஏற்ற வேண்டுமென்றால் மேடவாக்கம் வரை அவளே வர வேண்டும் என்கிறார். ஸ்கூட்டரில் மேடவாக்கம் போக இருபத்தைந்து நிமிடம், கேப்புக்கு முப்பத்தைந்து. பத்து நிமிடம்தான் மிச்சம், அதற்குள் வேன் வராது. அலுவலகம் வரைக்கும் ஸ்கூட்டரிலேயே போனால் நாலு முப்பத்தைந்துக்குக் கிளம்பினால் போதும், ஆனால் இரவு இரண்டரைக்கு அவளைத் தனியாக ஓட்டிக்கொண்டு போக விட மாட்டார்கள். வழியில் கடைசியாக இறங்குபவள் பெண் என்பதால் கேப்பில் காவலர் ஒருவர் உடன் வருகிறார், அந்த விதியை அவளும் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். ஸ்கூட்டரை அலுவலகத்தில் விட்டால் மறுநாள் அது பெருங்குடியில் நிற்கும், அவள் தாம்பரத்தில் இருப்பாள். பஸ் மாறிப் போனால் கேப்பைவிட நேரமாகும்.

மிஞ்சுவது பைக் டாக்ஸி. போகும்போது அதில், வரும்போது கேப்பில். தினமும் என்றால் மாதத்துக்கு இருபத்திரண்டு முறை, இரவு அலவன்ஸில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் தாங்கும். கணவனோடு உட்கார்ந்து எந்த இரண்டு நாள் என்று பேசுகிறார்கள். மகளுக்குப் பாட்டு வகுப்பு இல்லாத நாட்களாகப் பார்த்துச் செவ்வாயும் வெள்ளியும் என்று முடிவாகிறது. அந்த இரண்டு நாளும் வேன் வந்த பிறகு இருபது நிமிடம் கிடைக்கும். டிரான்ஸ்போர்ட் மேசைக்காரர் ரோஸ்டரில் அவள் பெயருக்கு எதிரே செவ்வாய், வெள்ளிக்கு ‘டிராப் மட்டும்’ என்று போட்டுக்கொண்டு, எதுவரைக்கும் என்று கேட்கிறார்.

“நவம்பர் 2 வரைக்கும்ணா,” என்கிறாள் சுமதி.